வயிற்றுக்கு வாங்கிய கோட்டு

ரிசப்ஷனுக்குக் கோட் சூட் எடுக்கப்போகும் மாப்பிள்ளைக்கு ட்ரையல் ரூமில் நடப்பது பெரும்பாலும் இதுதான். முதலில் 40 சைஸைக் கொடுப்பார்கள். தோளில் அழகாக உட்காரும். பட்டன் போட்டதும் வயிற்றருகே துணி இழுக்கும். "சார், ஒரு சைஸ் ஏத்திப் பார்க்கலாம்" என்று கடைக்காரர் 42-ஐக் கொண்டுவந்து தருவார். பட்டன் சிரமமில்லாமல் ஏறும். கூட வந்த மாமா, "இது சரிடா, ஃப்ரீயா இருக்கு பாரு" என்பார். பில் போட்டாகிவிடும். மேடையில் எடுத்த படங்கள் கைக்கு வரும்போதுதான் தோள்முனை கையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதும், கழுத்துக்குப் பின்னால் காலர் விலகி நிற்பதும், கோட்டு தொடையில் பாதிவரை இறங்கியிருப்பதும் கண்ணில் படும்.

இங்கே இடறியது வயிற்றில். மாற்றியதோ மார்பளவை. கோட்டின் லேபிளில் இருக்கும் எண்ணுக்கும் வயிற்றுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது.

அந்த எண் உடலின் மார்புச் சுற்றளவு, இன்ச் கணக்கில். 40 என்றால் மார்பு 40 இன்ச் உள்ள ஆளுக்கு வெட்டிய கோட்டு. சில பிராண்டுகள் சென்டிமீட்டரில் 96, 100, 104 என்று போடுவார்கள். ஐரோப்பியக் கணக்கில் 50 என்று இருந்தால் பத்தைக் கழித்துவிடலாம், அது நம் 40. இவை எல்லாமே உடம்பின் அளவு, துணியின் அளவு அல்ல. 40 என்று போட்ட கோட்டை மேசையில் விரித்து, பட்டனைப் போட்டு, அக்குளுக்கு அக்குள் அளந்து இரட்டித்தால் சுமார் 43 முதல் 44 இன்ச் வரை வரும். மூச்சு விடவும், கையை நீட்டவும், உள்ளே சட்டை இருக்கவும் அந்தக் கூடுதல் மூன்று நான்கு இன்ச் வேண்டும். வீட்டில் இருக்கும் பழைய கோட்டை அளந்து, "என் சைஸ் 44" என்று ஆன்லைனில் ஆர்டர் போடுபவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

மார்பை அளக்க இன்னொருவர் வேண்டும். தானே அளந்தால் கை தூக்கியிருக்கும், அளவு மாறும். சட்டை போட்டுக்கொண்டு, கைகளைத் தொங்கவிட்டு, டேப்பை அக்குளுக்கு அடியில், முதுகில் தோள்பட்டை எலும்புகளின் மேலாகக் கொண்டுவந்து, முன்னால் மார்பின் எடுப்பான இடத்தில் சேர்க்க வேண்டும். டேப்புக்கு உள்ளே ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். அளக்கிறார்கள் என்றாலே நெஞ்சை நிமிர்த்துவது நம் ஆட்களுக்குப் பிறவிக்குணம். அதனாலேயே ஒரு சைஸ் ஏறிவிடும். ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளப்பது நல்லது. அளவு 39.5 என்று நடுவில் வந்தால் 40-ஐயும் 38-ஐயும் இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு கோட்டின் தோள், கை, இடுப்பு எல்லாவற்றையும் எப்படித் தைக்கிறார்கள்? ஊகத்தில்தான். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் சீருடைகள் பெருமளவில் தேவைப்பட்டன. ஒவ்வொரு படைவீரனையும் தனித்தனியாக அளந்து தைக்க நேரமில்லை. வீரர்களின் அளவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இன்ன மார்பளவு உள்ளவனுக்குத் தோளும் இடுப்பும் அநேகமாக இவ்வளவு இருக்கும் என்று ஓர் ஒழுங்கு தெரிந்தது. போர் முடிந்தபின் ரெடிமேட் ஆண்கள் உடை அந்த ஒழுங்கின்மேல் வளர்ந்தது. இன்றும் கோட்டு வெட்டுபவர் மார்பை அறிந்துகொண்டு மற்றதை ஊகிக்கிறார். உங்கள் உடம்பு அந்த ஊகத்துக்கு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைத்தான் ட்ரையல் ரூமில் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

டிராப் என்னும் கணக்கு

வெட்டுபவரின் ஊகத்தில் முதலில் பிசகுவது இடுப்பு. மார்புச் சுற்றளவுக்கும் இடுப்புச் சுற்றளவுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தையல் தொழிலில் 'டிராப்' என்கிறார்கள். வழக்கமான சூட்டுக்கு டிராப் 6. அதாவது 40 சைஸ் கோட்டுடன் 34 இடுப்பு பேன்ட் வரும், 42-உடன் 36 வரும். கோட்டின் நடுப்பகுதியும் அதே கணக்கில்தான் குறுகும். உடற்பயிற்சி செய்யும் ஆளுக்கு, மார்பு விரிந்து இடை ஒடுங்கியிருப்பதால், டிராப் 7 அல்லது 8 பொருந்தும். 'ஸ்லிம் ஃபிட்' என்று விற்பவற்றில் பலவும் இந்த வகை. தொப்பை உள்ளவருக்கு டிராப் 4 வேண்டும். மார்பு அதே 40, நடுப்பகுதி மட்டும் இரண்டு இன்ச் கூடுதல்.

கடைக்குள் நுழைந்து "டிராப் எவ்வளவு?" என்று கேட்டால் பல இடங்களில் விழிப்பார்கள். கேட்க வேண்டியது வேறு மாதிரி. "இந்த 40 கோட்டுக்கு என்ன பேன்ட் சைஸ் செட்டாக வருகிறது?" என்று கேளுங்கள். பதில் 34 என்றால் டிராப் 6. 36 என்றால் 4. 33 என்றால் உங்களுக்குத் தொப்பை இருக்கும்பட்சத்தில் அந்த ரேக்கைத் தாண்டிப் போய்விடலாம். 'கம்ஃபர்ட் ஃபிட்', 'கிளாசிக் ஃபிட்', 'ரெகுலர் ஃபிட்' என்ற பெயர்களை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஒரு கம்பெனியின் ரெகுலர் இன்னொரு கம்பெனியின் ஸ்லிம்மாக இருக்கும்.

இத்தாலியத் தயாரிப்பில் டிராப் எண் இருந்தால் ஒரு பொறி உண்டு. அவர்கள் பாதி மார்பிலிருந்து பாதி இடுப்பைச் சென்டிமீட்டரில் கழிக்கிறார்கள். 50 சைஸில் டிராப் 7 என்றால் பாதி இடுப்பு 43. முழுச் சுற்றில் வித்தியாசம் 14 சென்டிமீட்டர், அதாவது ஐந்தரை இன்ச். நம் டிராப் 6-ஐ விடக் கொஞ்சம் தாராளம்தான். எண்ணைப் பார்த்துப் பயந்து ஒதுக்க வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய பொறி நம்மிடமே இருக்கிறது. "என் இடுப்பு 34" என்று சொல்பவர் பெல்ட் கட்டும் இடத்தைச் சொல்கிறார். நம்மில் பலர் பேன்ட்டைத் தொப்பைக்கு மேலே ஏற்றுவதில்லை, கீழே இறக்கிக் கட்டுகிறோம். கோட்டின் பட்டனோ தொப்புளை ஒட்டி, சில கோட்டுகளில் அதற்குச் சற்று மேலே வருகிறது. பெல்ட் கட்டும் இடம் 34 ஆக இருப்பவருக்கு அங்கே 37, 38 இருக்கலாம். எனவே கோட்டுக்கு இடுப்பை அளக்கும்போது டேப் தொப்புள் மட்டத்தில் போக வேண்டும், வயிற்றை உள்ளிழுக்காமல். பேன்ட் சைஸை மட்டும் வைத்து டிராப் பார்த்தவர்தான் மண்டபத்தில் பட்டனைக் கழற்றிவிட்டே நிற்க வேண்டிவரும்.

இனி ஒரு மாப்பிள்ளையை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உயரம் 5 அடி 6 அங்குலம். மார்பு 40. தொப்புள் மட்டத்தில் 38.5. பேன்ட் 36. தோள் கொஞ்சம் சரிந்தவர். நம் ஊரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரர்களில் இந்த உடல்வாகு அபூர்வமில்லை. அளவுகள் கம்பெனிக்குக் கம்பெனி அரை இன்ச், ஒரு இன்ச் முன்பின் இருக்கும். இங்கே சொல்பவை பொதுவாகக் காணக்கூடியவை.

டிராப் 6 உள்ள 40 கோட்டு, பட்டன் இருக்கும் இடத்தில் சுற்றளவு சுமார் 39.5 இன்ச் இருக்கும். அவர் வயிறு 38.5. மிச்சம் ஒரே ஒரு இன்ச். நின்றால் பட்டனைச் சுற்றி எக்ஸ் வடிவில் மடிப்பு விழும். அவருக்கு அங்கே மூன்று இன்ச்சாவது இளக்கம் வேண்டும், அதாவது 41.5. சைஸ் ஏற்றி 42 போட்டால் பட்டன் மட்டத்தில் சரியாக 41.5 கிடைக்கும். மாமா சொன்னது அதுவரை உண்மை. ஆனால் அந்த 42-இல் மார்பு 45.5 ஆகிவிடும். 40 இன்ச் மார்புக்கு ஐந்தரை இன்ச் கூடுதல். அக்குளுக்கு முன்னால் துணி செங்குத்தாக மடிந்து தொங்கும். தோள் அகலம் மொத்தத்தில் அரை இன்ச் கூடும். நீளமும் கொஞ்சம் கூடும். டிராப் 4 உள்ள 40-ஐ எடுத்தாலும் வயிற்றில் அதே 41.5 கிடைக்கிறது, தோளும் மார்பும் இருந்த இடத்தில் இருக்கின்றன. இந்த இரண்டு கோட்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

பட்டன் இடத்தில் இளக்கம் சரியா என்று பார்க்க டேப் வேண்டாம். இரண்டு பட்டன் கோட்டில் மேல் பட்டனை மட்டும் போடுங்கள் (கீழ்ப் பட்டன் போடுவதற்காக வெட்டப்படுவதே இல்லை, அதைப் பூட்டினால் எந்தக் கோட்டும் இறுகும்). விரித்த உள்ளங்கை சட்டைக்கும் கோட்டுக்கும் நடுவே எளிதாக நுழைய வேண்டும். முஷ்டியை மடக்கி உள்ளே வைத்தால் துணி இழுக்க வேண்டும். முஷ்டியும் தாராளமாக ஆடினால் கோட்டு பெரிது. பின்பக்கம் திரும்பி, கீழே உள்ள பிளவைப் பாருங்கள். பட்டன் போட்டதும் அது வாய் பிளந்து நின்றால் இடுப்பிலோ பின்புறத்திலோ துணி போதவில்லை. முன்னால் லேப்பல் மார்பில் படியாமல் வில்லாக வளைந்து வெளியே வந்தால், போதாதது மார்பு. அப்போது சைஸ் ஏற்றுவது நியாயம். வயிற்று இறுக்கத்துக்கும் மார்பு இறுக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த அடையாளங்கள்தான் காட்டிக்கொடுக்கும்.

தோளில் தோற்றால்

எல்லாவற்றிலும் முதலில் பார்க்க வேண்டியது தோள். காரணம் எளிது. கோட்டு முழுவதும் தோளிலிருந்து தொங்குகிறது. மற்ற இடங்களில் வரும் குறையைத் தையல்காரர் ஓரளவு சரிசெய்வார். தோளில் வந்தால் அநேகமாக முடியாது. தோளின் உள்ளே பேட் இருக்கிறது, மார்பிலிருந்து ஏறிவரும் கேன்வாஸ் இருக்கிறது, கைத் தலைப்பை உருண்டையாக நிறுத்தும் பஞ்சுப் பட்டை இருக்கிறது, எல்லாவற்றையும் மூடிய லைனிங் இருக்கிறது. அரை இன்ச் குறைக்க வேண்டும் என்றால் கையைப் பிரித்து எடுத்து, கைக்குழியை மறுபடி வெட்டி, பேடைச் சிறிதாக்கி, கையைத் திரும்ப ஏற்ற வேண்டும். கை ஏற்றுவதுதான் கோட்டுத் தையலிலேயே கடினமான வேலை. நல்ல கைகாரர் செய்தாலும் கூலி கோட்டு விலையில் கணிசமான பங்கை விழுங்கும். தோளை அகலப்படுத்துவதென்றால் துணியே கிடையாது.

கோட்டின் தோள் தையல் முடியும் இடமும் உங்கள் தோள் எலும்பு முடியும் இடமும் ஒன்றாக வர வேண்டும். ட்ரையல் ரூமில் பக்கவாட்டாகச் சுவரை நோக்கி மெல்லச் சாய்ந்து பாருங்கள். உங்கள் மேல்கையும் கோட்டின் தோள்முனையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். பேட் முதலில் முட்டி மடங்கினால் தோள் அகலம். பேட் சுவரைத் தொடவே இல்லை, மேல்கை மட்டும் பிதுங்கிக்கொண்டு இடிக்கிறது என்றால் தோள் குறுகல். கண்ணாடியிலும் தெரியும். தோள் அகலமானால் தையலுக்குக் கீழே, கையின் மேல்பகுதியில் ஒரு குழி விழும். குறுகினால் அதே இடத்தில் கைச்சதை துணியை வெளியே தள்ளும். கையைச் சற்று முன்னே நீட்டி அசைத்துவிட்டுத் தொங்கவிட்ட பிறகும் குழி மறையாவிட்டால் அந்தக் கோட்டை மாட்டிவிட்டு அடுத்ததை எடுங்கள்.

அகலம் சரியாக இருந்தும் தோள் உட்காராமல் போவதுண்டு. அது சரிவினால் வருவது. நம் மாப்பிள்ளையைப் போலத் தோள் சரிந்தவர்களுக்குக் கழுத்தடியிலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாக மடிப்புகள் ஓடும். தோள் நிமிர்ந்து சதுரமாக இருப்பவர்களுக்குக் காலருக்குக் கீழே, முதுகில், குறுக்காக ஒரு துணிச்சுருள் திரண்டு நிற்கும். இவை பார்க்கப் பயமுறுத்தினாலும் திருத்தக்கூடியவை. சரிந்த தோளுக்குப் பேடைத் தடிப்பாக்கலாம். நிமிர்ந்த தோளுக்குக் காலரைப் பிரித்துச் சிறிது கீழே இறக்கித் தைக்கலாம். ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருப்பது மிகச் சாதாரணம். எப்போதும் ஒரே பக்கம் பை மாட்டுபவர்கள் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பக்கத்துக்கு மட்டும் பேடில் ஓர் அடுக்கு கூட்டினால் கோட்டின் இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கும்.

காலர் வேறு கதை. கோட்டின் காலர் சட்டையின் காலரைக் கழுத்துச் சுற்றிலும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மேலே சட்டைக் காலர் அரை இன்ச் தெரியலாம். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால், நடக்கும்போதும் கும்பிடும்போதும் கோட்டு தனியாக ஆடும். சற்றுக் கூன் விழுந்த முதுகோ, முன்னால் நீட்டிய கழுத்தோ உள்ளவர்களுக்கு இது எந்த சைஸிலும் வரும். வேறு கம்பெனியின் வெட்டைப் பார்ப்பதுதான் வழி. இதைச் சோதிக்க டி-ஷர்ட் மேல் கோட்டைப் போட்டுப் பார்த்துப் பயனில்லை. காலர் விறைப்பான முழுக்கைச் சட்டையோடு போக வேண்டும். ஷூவும் போட்டுக்கொண்டு போனால் இன்னும் நல்லது. பாக்கெட்டிலிருக்கும் போனை வெளியே எடுத்து, கூட வந்தவரிடம் கொடுத்து, முதுகுப் பக்கத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். நம்மால் பார்க்க முடியாத அந்தப் பக்கத்தைத்தான் மேடைக்குக் கீழே இருப்பவர்கள் பாதி நேரம் பார்க்கிறார்கள்.

ஷார்ட், ரெகுலர், லாங்

எண்ணுக்குப் பக்கத்தில் S, R, L என்று ஓர் எழுத்து இருக்கலாம். 40R, 40S என்பதுபோல. இந்த S-ஐச் சட்டையில் வரும் 'ஸ்மால்' என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே அது ஷார்ட், உயரத்தைக் குறிக்கிறது. 5 அடி 8 முதல் 5 அடி 11 வரை ரெகுலர், அதற்குக் கீழே ஷார்ட், அதற்கு மேலே லாங் என்பது பொதுவான வகைப்பாடு. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் கோட்டு நீளத்தில் ஒன்று அல்லது ஒன்றேகால் இன்ச் வித்தியாசம், கையிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. நம் ஊர்க் கடைகள் பலவற்றில் ரெகுலர் மட்டும்தான் இருக்கும், எழுத்தே போட்டிருக்க மாட்டார்கள்.

உயரத்தை மட்டும் வைத்து முடிவுசெய்வதிலும் ஒரு குறை உண்டு. ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு உடம்பு நீளம். கோட்டு மூடுவது உடம்பை. எனவே கழுத்துக்குப் பின்னால், தலையைக் குனிந்தால் துருத்தும் எலும்பிலிருந்து தரைவரை அளந்து, அதில் பாதியை எடுப்பது பழைய தையல் கணக்கு. நம் மாப்பிள்ளைக்கு அது சுமார் 57 இன்ச் வரும். பாதி 28.5. ரெகுலர் 40 கோட்டின் பின்நீளம் பெரும்பாலும் 30 இன்ச்சை ஒட்டி இருக்கும். ஒன்றரை இன்ச் அதிகம். ஷார்ட் 29-க்குள் இருக்கும், அது அவருக்குச் சரி.

கையைத் தொங்கவிட்டால் கோட்டின் விளிம்பு கட்டைவிரல் கணுவுக்கு நேராக வர வேண்டும் என்றும் சொல்வார்கள். கை நீளமானவர்களை அது ஏமாற்றும். கோட்டின் பின்பகுதி உட்காரும் சதையை மூடி, அது முடியும் இடத்திலேயே முடிந்தால் போதும். கடந்த சில ஆண்டுகளாக விற்கும் குட்டைக் கோட்டுகள் பாதியைத்தான் மூடுகின்றன. ஒல்லியான இளைஞர்கள் தாங்குவார்கள். தொப்பை உள்ளவர் குட்டைக் கோட்டைப் போட்டால் வயிறு இன்னும் எடுப்பாகத் தெரியும் என்பது என் கருத்து.

"நீளம் அதிகமானால் என்ன, கீழே வெட்டித் தைத்துவிடலாமே" என்று கடையில் சொல்வார்கள். ரெகுலருக்கும் ஷார்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் விளிம்பில் மட்டும் இருந்தால் சரிதான். ஷார்ட் கோட்டில் பட்டன் மேலே ஏறியிருக்கும், பாக்கெட் மேலே ஏறியிருக்கும், கோட்டு குறுகும் இடமும் மேலே ஏறியிருக்கும். ரெகுலரை ஒன்றரை இன்ச் வெட்டினால் இவை எதுவும் நகராது. பாக்கெட் விளிம்புக்கு மிக அருகில் வந்து, கோட்டு கீழே அறுபட்டதுபோல் தெரியும். முன்புற விளிம்பின் வளைவும் கெடும். அரை இன்ச்வரை வெட்டுவதில் தவறில்லை. அதற்கு மேல் போக வேண்டாம்.

குள்ளமானவர் ரெகுலரைப் போடும்போது இன்னொன்றும் நடக்கிறது. கோட்டு குறுகும் இடம் அவருடைய இடைக்குக் கீழே, தொப்பை மிக எடுப்பாக இருக்கும் இடத்தில் போய் விழுகிறது. பட்டனும் அங்கேயே. வயிற்றில் இறுக்கம் என்று அவர் உணர்வதில் ஒரு பங்கு நீளத்தால் வந்தது. சைஸ் ஏற்றினால் நீளமும் கூடி, குறுகும் இடம் இன்னும் கீழே போகும். 5 அடி 6 உயரக்காரருக்கு 42R என்பது இரண்டு பக்கமும் தப்பான விடை.

எதை விட்டுக்கொடுப்பது

அப்படியானால் இந்த மாப்பிள்ளைக்கு வேண்டியது 40 ஷார்ட், டிராப் 4. அது பக்கத்துக் கடையில் தொங்கிக்கொண்டிருக்கும் என்று நான் சொல்லப்போவதில்லை. அநேகமாகக் கிடைக்காது. கிடைப்பதில் எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதுதான் நடைமுறைக் கேள்வி. விடை தையல்காரரிடம் இருக்கிறது: அவரால் மாற்ற முடிந்ததை விட்டுக்கொடுங்கள், முடியாததை விடாதீர்கள்.

நடுப்பகுதியைப் பிடித்துத் தைப்பது எளிது. இரண்டு இன்ச்வரை தயங்காமல் குறைக்கலாம். பிரித்துவிடுவது கொஞ்சம் கஷ்டம். முதுகின் நடுத் தையலிலும் பக்கத் தையல்களிலும் உள்ளே துணி விட்டிருந்தால் மொத்தம் முக்கால் முதல் ஒரு இன்ச் கிடைக்கும். லைனிங்கின் மேல் விரலால் நெருடினால் உள்ளே எவ்வளவு துணி மடித்திருக்கிறது என்பது தட்டுப்படும். மலிவான கோட்டுகளில் அந்த இருப்பே இருக்காது. நம் மாப்பிள்ளைக்கு டிராப் 6 உள்ள 40 ஷார்ட் கிடைத்தால், ஒரு இன்ச் பிரித்துவிட்டு 40.5 ஆக்கலாம். இளக்கம் இரண்டு இன்ச். நிற்கும்போது பட்டன் தாங்கும். உட்காரும்போது எப்படியும் பட்டனைக் கழற்றிவிட வேண்டும், அது எல்லாச் சூட்டுக்கும் உள்ள வழக்கம். இது நல்ல தீர்வு. டிராப் 4 உள்ள 40 ரெகுலர் கிடைத்தால், அரை இன்ச் வெட்டி, மீதி நீளத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். இது இரண்டாம் தரம். 42-ஐ எடுத்து எல்லா இடத்திலும் பிடித்துத் தைப்பதில் நடுப்பகுதியும் மார்பும் ஓரளவு அடங்கும், தோள் அடங்காது. அதைத் தொடவே வேண்டாம். இதில் எதுவும் அமையவில்லை என்றால், அதே துணியில் கோட்டும் பேன்ட்டும் தனித்தனி சைஸில் விற்கும் பிராண்டைத் தேடலாம். பேன்ட் பிரச்சினையாவது தீரும். அல்லது ரெடிமேட் தேடலை விட்டுவிட்டு, கோட்டு தைப்பதையே தொழிலாகச் செய்யும் டெய்லரிடம் போகலாம். தோள் சரிவும் தொப்பையும் குட்டை உயரமும் ஒன்றாகச் சேர்ந்தவருக்கு அதுவே மலிவாகவும் முடியலாம். பச்சைத் தையல் போட்டு ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்பவராக இருக்க வேண்டும். அளவு எடுத்துவிட்டு நேராக டெலிவரி தேதி சொல்பவர் வேண்டாம்.

கை நீளத்தை இவ்வளவு நேரம் சொல்லாததற்குக் காரணம், அதுதான் இருப்பதிலேயே எளிதான திருத்தம். கையைத் தொங்கவிட்டால் கோட்டின் கை மணிக்கட்டு எலும்பில் முடிந்து, சட்டையின் கை கால் இன்ச் முதல் அரை இன்ச் வெளியே தெரிய வேண்டும். நீளமானால் கீழே மடித்துக் குறைத்துவிடலாம். கைப் பட்டன்கள் வெறும் அலங்காரமாகத் தைத்திருக்கும்வரை இது ஒரு நாள் வேலை. அவை உண்மையாகவே திறந்து மூடும் பட்டன்களாக இருந்தால் ஓட்டைகளை நகர்த்த முடியாது. கையைத் தோளில் பிரித்து மேலேயிருந்துதான் குறைக்க வேண்டும், கூலி பல மடங்கு. விலை உயர்ந்த கோட்டில் கை நீளம் ஒரு இன்ச் தவறினாலும் பில் போடுவதற்கு முன் அந்தப் பட்டன்களைத் திறந்து பாருங்கள்.

திருத்தம் முடிந்து கோட்டைத் திரும்ப வாங்கும்போது கவரோடு வாங்கிக்கொண்டு வந்துவிடாமல் அங்கேயே, அதே சட்டையோடு, ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். ரிசப்ஷனுக்கு இரண்டு வாரமாவது இருந்தால் மறுபடி ஒரு திருத்தத்துக்கு இடமிருக்கும். பின்பிளவை எக்ஸ் வடிவில் பிணைத்திருக்கும் வெள்ளை நூலையும், கையில் தைத்திருக்கும் கம்பெனித் துண்டையும் அப்போதே பிரித்துவிடச் சொல்லுங்கள். இரண்டும் கடையில் தொங்கும்வரைக்கும் போட்டவை. நூலைப் பிரிக்காமல் போட்டால், எவ்வளவு பார்த்து எடுத்த கோட்டும் பின்னால் இழுத்துக்கொண்டு, ஒரு சைஸ் சிறியதைப்போலத்தான் நிற்கும்.